குர்கானுக்கு டிக்கெட் போடுமுன் ஒரு மெயில்

திருப்பூரில் வேலை மாறப் பார்க்கும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்களும் கம்பெனி சீனியர்களும் ஒரே மாதிரி சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. "இன்டர்வியூக்குக் கூப்புட்டாங்கன்னா நேர்ல போயி நின்னுரு. வீடியோல வாரேன்னு கேட்டீன்னா, இவனுக்கு வேலை மேல அக்கறையில்லைன்னு நெனச்சுக்குவாங்க." சென்னைக்கும் பெங்களூருக்கும் இது சரியான பேச்சுதான். சேரனில் ஏறிப் படுத்தால் விடிந்தால் சென்னை. பெங்களூருக்கு ராத்திரி பஸ் இருக்கிறது, காலையில் வந்தே பாரத் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு வீடியோ கேட்டால் கேட்பவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே துணிமணி வாங்கித் தரும் பையிங் ஹவுஸ் வேலை என்று தேட ஆரம்பித்தால் குர்கான், நொய்டாவிலிருந்தும் போன் வரும். அங்கேயும் இதே புத்திமதியைக் கொண்டுபோய் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. 2,500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற ஊருக்கு, அரை மணி நேர முதல் சுற்றுக்காகச் சம்பளத்தில் பாதியைச் செலவழித்துப் போவதை அக்கறை என்று யார் சொன்னது?

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் எச்.ஆர். ஆளை நாம் நீதிபதியாக நினைத்துக்கொள்கிறோம். அவர் நம் குணத்தை எடைபோட்டுக்கொண்டிருப்பதில்லை. அந்த வாரத்துக்குள் ஐந்தாறு பேரைப் பிடித்து, மேனேஜருடைய நேரத்துக்குள் வரிசையாக உட்கார வைத்துவிட வேண்டும் என்பதே அவர் கவலை. நம் கோரிக்கையால் அந்த வேலை கூடினால் எரிச்சல்படுவார், கூடாவிட்டால் "ஓகே" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். வருகிறேன் என்று உறுதி சொல்லிவிட்டு முந்தின நாள் சாயங்காலம் "வீடியோல பண்ணலாமா" என்று கேட்பவர்கள்தான் அவருக்குத் தலைவலி. அதே கேள்வி அழைப்பு வந்த அன்றைக்கே போனால் அதற்கு வேறு மரியாதை.

ஓர் ஆளை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். அவிநாசியில் வீடு. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் நான்கு வருடமாக மெர்ச்சண்டைசர், அதாவது ஒரு ஆர்டரை விலை போடுவதிலிருந்து ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. கைக்கு வரும் சம்பளம் 32,000. குர்கானில் இருக்கும் ஒரு பையிங் ஹவுஸிலிருந்து வியாழக்கிழமை மதியம் போன் வருகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு நேரில் வரவேண்டும், முகவரி மெயிலில் வரும் என்கிறார்கள்.

முதலில் கணக்கு

மெயில் எழுத உட்காருவதற்கு முன்னால் பயணத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கோரிக்கையில் எழுதப்போகும் ஒரே ஒரு வரிக்கு அதுதான் ஆதாரம்.

ரயில் என்றால் கோவை, ஈரோடு வழியாக டில்லி போகும் கேரளா எக்ஸ்பிரஸ். இரண்டு ராத்திரி வண்டியிலேயே போகும். வெள்ளி காலை குர்கானில் இருக்க வேண்டுமானால் செவ்வாய் ராத்திரி இங்கே ஏறி வியாழன் மதியத்துக்கு மேல் டில்லியில் இறங்கி ஒரு ராத்திரி தங்க வேண்டும். வெள்ளி ராத்திரி திரும்ப ஏறினால் ஞாயிறு வீடு. ஆக புதன், வியாழன், வெள்ளி, சனி என்று நான்கு நாள் லீவு. ஷிப்மென்ட் நெருங்குகிற நேரத்தில் மெர்ச்சண்டைசர் நான்கு நாள் லீவு கேட்டாலே எதற்கென்று மேனேஜருக்குத் தெரிந்துவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னாலேயே திறந்துவிடுவதால் ஒரு வாரம் முன்னால் பார்த்தால் பெரும்பாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான். தட்கலைத்தான் நம்ப வேண்டும்.

தட்கலில் ஒரு கண்ணி இருக்கிறது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. டில்லிப் பக்கத்திலிருந்து "பேனல் வெளியூர் போயிட்டாங்க, திங்கட்கிழமை வச்சுக்கலாம்" என்று வியாழக்கிழமை போன் வந்தால், நாம் போபாலைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்போம். விமானம் என்றால் கோவையிலிருந்து ஒரு வார இடைவெளியில் போக வர 16,000 முதல் 20,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளியை ஒட்டினால் அதற்கும் மேலே. பீளமேடு ஏர்போர்ட் போய்ச் சேரும் செலவு, அங்கே டாக்ஸி, தங்கல் எல்லாம் தனி. 32,000 சம்பளக்காரருக்கு இது பாதிச் சம்பளத்தைத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கிலிருந்தே ஒரு கெடுவும் கிடைக்கிறது. செவ்வாய் கிளம்பும் வண்டிக்கு ஏ.சி. தட்கல் திங்கள் காலை 10 மணிக்குத் திறக்கும், ஸ்லீப்பர் 11 மணிக்கு. அதனால் பதில் திங்கள் 10 மணிக்குள் நம் கையில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் சனி, ஞாயிறு விடுமுறை என்றால் உண்மையில் நமக்கிருப்பது வெள்ளி ஒரு நாள். வியாழன் மதியம் போன் வந்திருக்கிறது, வியாழன் சாயங்காலத்துக்குள் மெயில் போய்விட வேண்டும். வீட்டில் கலந்து பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று வைத்தவர்கள்தான் திங்கள் காலை பதிலும் இல்லாமல் டிக்கெட்டும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது.

எத்தனையாவது சுற்று?

மெயிலுக்கு முன்னால் இரண்டு நிமிடப் போன் ஒன்று உண்டு. இந்த விஷயத்தில் எல்லாம் இந்த இடத்தில்தான் திரும்புகிறது என்பது என் எண்ணம். கூப்பிட்ட அதே எச்.ஆர். ஆளிடம் மூன்றே கேள்வி. இது எத்தனையாவது சுற்று? யார் பார்க்கிறார்கள்? வெள்ளிக்கிழமையே முடிவாகிவிடுமா, இன்னொரு தடவையும் வரவேண்டியிருக்குமா?

பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "முதல் சுற்று. டீம் மேனேஜர் பார்ப்பார், அவருக்குப் பிடித்தால் கன்ட்ரி ஹெட் ஒரு நாள் கூப்பிடுவார்" என்றால் உங்கள் கோரிக்கை ஏறக்குறைய பாதி நிறைவேறின மாதிரி. ஏனென்றால் இப்போது நீங்கள் கேட்கப்போவது, நேரில் வரமாட்டேன், வீடியோதான் என்பதை அல்ல. முதல் சுற்றை வீடியோவில் வையுங்கள், கடைசிச் சுற்றுக்கு நேரில் வருகிறேன் என்கிறீர்கள். இரண்டு தடவை போகவேண்டிய இடத்துக்கு ஒரு தடவை. எதிர்ப்பக்கம் எதையும் விட்டுக்கொடுத்ததாக உணர்வதில்லை.

"எல்லா சுற்றும் அன்றைக்கே, மாலையில் முடிவு சொல்லிவிடுவோம்" என்று பதில் வந்தால் வேறு கணக்கு. நாள் முழுக்க நாலு பேர் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதை உடைத்து உங்களுக்கு மட்டும் வீடியோ வைப்பது அவர்களுக்குச் சிரமம். அப்போது போவதற்கு முன் ஒரு 15 நிமிட வீடியோ அறிமுகம் கேளுங்கள். மேனேஜர் தேடுகிற ஆள் நெய்த துணிக்கா, பின்னலாடைக்கா, சம்பள வரம்பு ஏறக்குறைய எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். பொருந்தாத வேலைக்கு 20,000 செலவழித்துப் போவதையாவது இது தடுக்கும். இந்தக் கேள்விக்கு மறுப்பு வருவது அபூர்வம்.

அந்தப் போனிலேயே வீடியோவையும் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்காதீர்கள். எச்.ஆர். ஆளுக்கு அனுமதி தரும் அதிகாரம் இல்லாவிட்டால், வாயால் கேட்டதற்கு வாயாலேயே "இல்லை, நேரில்தான்" என்று சொல்லிவிடுவது அவருக்குச் சுலபம். மெயிலாக வந்தால் அதை மேனேஜருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்வதுதான் சுலபம். "ஒரு மெயில் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்பதோடு போனை வைத்துவிடலாம்.

அந்த மெயில்

இது ஆங்கிலத்தில் போகவேண்டியது. உள்ளடக்கம் இவ்வளவுதான் இருந்தால் போதும்:

"மெர்ச்சண்டைசர் பணிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை 11 மணி நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. அந்த நாளும் நேரமும் எனக்கு வசதி. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். குர்கான் வந்து போக ரயிலில் நான்கு வேலை நாள் ஆகும். ஒரு வார இடைவெளியில் விமானக் கட்டணம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. முதல் சுற்றை அதே நாளில், அதே நேரத்தில் வீடியோவில் வைக்க இயலுமா? மாதிரி காஸ்டிங் ஷீட்டைத் திரையில் பகிர்ந்து விளக்கவும், சாம்பிளை கேமரா முன் அளந்து காட்டவும் தயாராக இருக்கிறேன். துணியை நேரில் வைத்துப் பேச விரும்பினால் உங்கள் திருப்பூர் அலுவலகத்துக்கு வருகிறேன். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானால் குர்கானுக்கு நேரில் வருவேன். டிக்கெட் எடுக்க வேண்டியிருப்பதால் நாளை மாலைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இதில் "அந்த நாளும் நேரமும் எனக்கு வசதி" என்ற வரி முன்னால் நிற்பதற்குக் காரணம் உண்டு. மேனேஜர் காலண்டரில் எதையும் நகர்த்த வேண்டாம் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. இடம் மட்டும் மாறுகிறது. நாளையும் மாற்றி வீடியோவும் கேட்டால் இரண்டு கோரிக்கை ஆகிவிடும், இரண்டும் போய்விடும்.

செலவைச் சொல்லலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. ஒரு வரி சொல்லுங்கள், தொகை எழுதாதீர்கள். தொகையைப் போட்டால் படிக்கிறவர் "இது இவருக்கு அதிகமா" என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். சிலர் அதை மறைமுகமாகப் பயணப்படி கேட்பதாகவும் எடுத்துக்கொள்வார்கள். நான்கு நாள் லீவு என்பது யாருக்கும் விளங்கும், தகராறு இல்லாத காரணம். உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று பொய்க்காரணம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். "அப்படியா, அடுத்த வாரம் வாங்க" என்று பதில் வந்தால் திரும்பிப் பேச வாயில்லாமல் போகும்.

கடைசிச் சுற்றுக்கு வருவேன் என்ற வரியைப் போகிற போக்கில் எழுதக் கூடாது. அந்த டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். முதல் சுற்றை வீடியோவில் முடித்துவிட்டு இரண்டாவதற்கும் வீடியோ கேட்டால், பெரியவர்கள் சொன்ன அந்தப் பேர் அப்போதுதான் வரும்.

மெயில் போட்ட மறுநாள் வெள்ளி காலை வரை பதில் இல்லையென்றால் 11 மணிக்கு மேல் ஒரு போன். காலை முதல் ஒரு மணி நேரம் அவர்கள் மெயில் பார்க்கும் நேரம், அப்போது கூப்பிட்டால் "பார்க்கிறேன்" என்றுதான் பதில் வரும்.

அவர்கள் எதற்காக நேரில் கூப்பிடுகிறார்கள்

மெர்ச்சண்டைசர் வேலைக்கு நேரில் பார்க்க நினைப்பதில் நியாயம் உண்டு. துணியைத் தொட்டுப் பார்த்து என்ன நிட், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்கிற ஜி.எஸ்.எம். ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்கிறாரா, அளவு எடுக்கத் தெரியுமா, காஸ்டிங் சொந்தமாகப் போடுவாரா, இல்லை யாரோ போட்டதை அனுப்பிக்கொண்டிருந்தாரா என்று பார்க்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்களோ என்ற சந்தேகமும் இருக்கும். இதற்கெல்லாம் வீடியோவில் என்ன செய்ய முடியும், எது முடியாது என்று நாமே பிரித்து வைத்திருந்தால் மேனேஜர் சம்மதிப்பது எளிது.

காஸ்டிங்கில் வீடியோ நேரடியை விட நல்லது என்றே சொல்வேன். திரையைப் பகிர்ந்து, ஒரு சாதாரண வட்டக்கழுத்து டி-ஷர்ட்டுக்குத் துணிக் கணக்கு போட்டுக் காட்டலாம். உடம்பு நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையல், மடிப்புக்கு 10, ஆக 104. பாதி மார்பு 53, அதற்கு 4 கூட்டினால் 57. முன், பின் இரண்டு பக்கம்:

```
104 × 57 × 2 = 11,856 ச.செ.மீ.
11,856 × 180 ÷ 10,000 = 213.4 கிராம்
```

இது 180 ஜி.எஸ்.எம். துணிக்கு, வெட்டுக் கழிவு, டையிங் கழிவு சேர்க்காமல். "பையர் 160-க்கு இறங்கச் சொல்றார், என்ன ஆகும்?" என்று மேனேஜர் கேட்டால் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், 189.7 கிராம் என்று வரும். ஒரு பீஸுக்கு ஏறக்குறைய 24 கிராம், 10,000 பீஸ் ஆர்டருக்கு 237 கிலோ துணி மிச்சம். அங்கேயே நிறுத்தாமல், 160-க்கு இறங்கினால் வெள்ளையில் உள்ளே தெரியும், அதைப் பையரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நீங்களாகச் சொன்னால், பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை என்பது அவருக்கே விளங்கிவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. இப்போதிருக்கும் கம்பெனியின் காஸ்டிங் ஷீட்டைத் திறந்து காட்டவே கூடாது. பையர் பேரை மறைத்துவிட்டேன் என்று சொல்வதும் உதவாது. ஸ்டைல் நம்பரைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். இன்றைக்கு அவர்கள் விலையைக் காட்டுகிறவர் நாளைக்கு எங்கள் விலையைக் காட்டுவார் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிடுவார்கள். கற்பனை ஸ்டைல், கற்பனை நூல் விலை போட்டுப் புதிதாக ஒரு ஷீட் செய்ய ஒரு மணி நேரம் ஆகுமா?

அளவெடுப்பதைக் காட்ட லேப்டாப் கேமரா போதாது. அது முகத்தைத்தான் பார்க்கும். போனிலும் அதே மீட்டிங்கில் சேர்ந்து, அதை மேசைக்கு மேலே கீழ்நோக்கி நிறுத்துங்கள். புத்தக அடுக்கின் விளிம்பில் நீட்டிவைத்தாலே போதும். போனில் மைக்கையும் ஒலியையும் முன்பே அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து வீச்சென்று கத்தும். டி-ஷர்ட்டை இழுக்காமல் பரப்பி, அக்குளிலிருந்து ஓர் அங்குலம் கீழே பாதி மார்பு அளந்து காட்டுங்கள். டேப்பின் எண் கேமராவில் தெரிகிறதா என்று முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். ஜி.எஸ்.எம். கட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. அது 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டும். எடை 1.8 கிராம் என்றால் 180 ஜி.எஸ்.எம். என்று அவர் கண் முன்னாலேயே வந்துவிடும்.

வீடியோவால் முடியாதது நிறம். நிறம் பார்க்கச் சாயம் போட்டு வரும் சின்னத் துண்டான லேப் டிப்பைப் பார்த்து இது ஓகே, இது சிவப்படிக்கிறது என்று சொல்லும் கண்ணைக் கேமரா வழியாகச் சோதிக்க முடியாது. லைட் பாக்ஸில் டி65, டி.எல்.84 என்று விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய வேலை அது. துணியின் கைத்தொடுகையும் அப்படியே. இதை மழுப்பாமல், இவை இரண்டையும் இறுதிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அல்லது திருப்பூரிலேயே.

திருப்பூர் ஆபீஸ் என்ற மூன்றாவது வழி

வீடியோவா, நேரிலா என்ற இரண்டுக்கு நடுவே கொங்கு நாட்டுக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி உண்டு. குர்கானில் தலைமை அலுவலகம் இருந்தாலும், பின்னலாடை எடுக்கிற பையிங் ஹவுஸ்கள் பல திருப்பூரில் ஒரு சிறு ஆபீஸ் வைத்திருக்கும். ஒரு மேனேஜர், இரண்டு மூன்று க்யூ.சி. அவ்வளவுதான். அங்கே துணி இருக்கிறது, லைட் பாக்ஸ் இருக்கிறது, கம்பெனியின் ஆளே இருக்கிறார். நீங்கள் அங்கே போய் உட்கார, குர்கான் மேனேஜர் வீடியோவில் வர, துணி சம்பந்தமான பாகத்தைத் திருப்பூர் மேனேஜர் கையில் கொடுத்துப் பார்த்துவிடலாம். சந்தேகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும்.

ஆனால் அந்தத் திருப்பூர் மேனேஜரை நேரே போய்க் கேட்டால் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"ஏனுங் சார், வெள்ளிக்கிழமை குர்கான் வரச் சொல்லியிருக்காங்க. மொத ரவுண்ட நம்ம ஆபீஸ்லயே வச்சுக்க முடியுங்களா?"

"எனக்கொண்ணும் சிரமமில்லீங்க. ஆனா அங்கிருந்து மெயில் வந்தாத்தான் நான் உட்கார முடியும். நானாச் சொன்னா, இவரு தெரிஞ்ச ஆளுக்குச் சிபாரிசு பண்றாருன்னு ஆயிருமுங்க."

அவர் சொல்வது சரி. கோரிக்கை குர்கானுக்கே போகட்டும், திருப்பூர் ஆபீஸைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கட்டும். அவர்களே இவருக்கு எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்று. திருப்பூர் சின்ன ஊர். அவிநாசி ரோட்டில் இருக்கிற பையிங் ஆபீஸில் மதியம் ஏறி இறங்கினால் சாயங்காலம் உங்கள் முதலாளிக்குத் தெரிந்திருக்கும். அங்கே சாம்பிள் கொடுக்க வந்துபோகிறவர்கள் எல்லாரும் உங்களுக்குத் தெரிந்த கம்பெனி ஆட்கள்தான். திருப்பூர் ஆபீஸ்தான் என்று முடிவாகி அவர்களே நேரம் கேட்டால் மட்டும் மாலை 6 மணிக்கு மேல் என்று சொல்லுங்கள். தற்போதைய கம்பெனிக்குத் தெரியாது என்பதையும் எச்.ஆரிடம் போனில் சொல்லிவிடுங்கள். மெயிலில் எழுத வேண்டாம், அது யார் யாருக்கோ ஃபார்வர்டு ஆகும்.

சம்மதம் வந்த பிறகு கெடுவது

சம்மதம் வாங்கிவிட்டு அழைப்பு அறுந்துபோனால் அடுத்த ஆளுக்கும் அந்தக் கதவு அடைந்துவிடும். நம் பக்கத்தில் முதல் எதிரி மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. துணை மின்நிலையவாரியாகக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை என்று பேப்பரில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை உங்கள் பகுதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தாலும் ரவுட்டர் அணைந்துவிடும் என்பதைப் பலர் அந்த நேரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது.

போன் நெட்டை நம்பினால் கணக்கு இன்னும் இறுக்கம். ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு ஜி.பி.யிலிருந்து ஒன்றரை ஜி.பி. வரை போகும். தினம் 1.5 ஜி.பி. பேக்கில் காலையில் ரீல்ஸ் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் நடுவில் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகி முகம் உறைந்துவிடும். அன்றைக்கு ஒரு டேட்டா டாப்-அப் போட்டுக்கொள்வது விமான டிக்கெட்டோடு பார்த்தால் ஒன்றுமில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் தறிச் சத்தம். ஊரில் இருப்பவர்களுக்கு அது காதில் விழாது, மைக்கில் விழும். வயர் வைத்த இயர்போனின் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் ஓரளவு தாங்கும், சத்தம் பலமாக இருந்தால் இடம் மாறுவதைத் தவிர வழியில்லை.

முடியாது என்றால்

மறுப்பு வந்தால் திரும்ப வாதாட வேண்டாம். ஆனால் "சரி" என்று அடங்கிப்போகவும் வேண்டாம், அடுத்து கேட்க இரண்டு உண்டு. ஒன்று, எல்லா சுற்றையும் ஒரே நாளில் முடித்துத் தர முடியுமா என்பது. வெளியூர்க்காரர் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். இரண்டாவது, பயணப்படி. வீடியோ கேட்ட மெயிலில் இதைக் கேட்கக் கூடாது, மறுத்த பிறகு கேட்பதில் தவறில்லை. அவர்கள்தான் நேரில் வேண்டும் என்கிறார்கள். தருகிறோம் என்றால் எந்த வகுப்பு, ஒரு வழியா இரு வழியா, தேர்வாகாவிட்டாலும் உண்டா என்று மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட்டும் போர்டிங் பாஸும் வேலை முடிகிறவரை பத்திரம்.

இந்த வழி தனியார் வேலைக்குத்தான். அரசு, பொதுத்துறை நேர்காணல்களில் எது எங்கே என்பது அறிவிப்பிலேயே இருக்கும். தனி ஆளுக்காக மாற்ற எச்.ஆருக்கு அதிகாரம் கிடையாது. அங்கே தேட வேண்டியது பயணப்படிப் பத்தி. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரயில் கட்டணம் தருவதாகப் பல அறிவிப்புகளில் இருக்கும், சில பொதுத்துறை நிறுவனங்கள் எல்லா வெளியூர் விண்ணப்பதாரருக்கும் தருகின்றன. அதற்கான படிவத்தை நேர்காணல் அன்றே கொடுக்கச் சொல்வது வழக்கம், வீட்டுக்கு வந்து அனுப்பினால் நடக்காது.

கேட்டதும் கேட்காததுமாக வீடியோவுக்குச் சம்மதித்து, இருபது நிமிடம் பேசி, அன்றைக்கே ஆஃபர் கொடுத்து, லேப்டாப்புக்குத் திரும்பத் தரும் டெபாசிட் என்று பணம் கேட்டால் அது கம்பெனியே இல்லை. மெயில் வந்த டொமைன் கம்பெனி வெப்சைட்டோடு ஒத்துப்போகிறதா என்பதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

வீடியோ சுற்று நன்றாகப் போய் இறுதிக்குக் கூப்பிடும்போது, தேதி பேசும் இடத்தில் கூச்சப்படாமல் இரண்டு வாரம் தள்ளிக் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் தருவார்கள், டிக்கெட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். திங்கட்கிழமை என்றால் சனி சாயங்காலம் கிளம்பி விமானத்தில் போய் ஒரே ஒரு லீவில் முடித்துவிடலாம். கம்பெனியே டிக்கெட் போடுகிறது என்றால் பெயரை ஆதாரில் இருக்கிறபடி, இனிஷியலை விரித்து எழுதி அனுப்ப வேண்டும். நம் ஊர் ஒற்றை இனிஷியல் டில்லி ஆபீஸில் குடும்பப் பெயர் கட்டத்தில் எப்படியெல்லாமோ போய் விழும். அப்புறம் ஏர்போர்ட் வாசலில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.